நடுவில் விழும் பந்து: புதிய பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியின் முதல் மாதம்

எதிரணி சேர்விஸ் போடுகிறது. பந்து மெதுவாகத்தான் வருகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே, இருவருக்கும் ஓரடி தூரத்தில் விழுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பிறகு இரண்டு பேருமாக என்னைப் பார்க்கிறார்கள். புதிதாக அணி சேர்த்த எந்தப் பொறுப்பாசிரியருக்கும் இந்தக் காட்சி தெரியும்.

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பெண் பிள்ளைகளின் கரப்பந்தாட்ட அணிக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். தரம் 9 முதல் 11 வரை பன்னிரண்டு பேர். பாதிப் பேர் தோட்டத்து லயங்களிலிருந்தும் மற்றவர்கள் டவுன் பக்கமிருந்தும் வருகிறார்கள். முதல் மாதத்தில் நான் திருத்தப் பார்ப்பது மேலே சொன்ன ஒரு விஷயத்தைத்தான். ஸ்மாஷ், பிளாக் எல்லாம் அப்புறம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு எழுபத்தைந்து நிமிடம் என்று பன்னிரண்டு பயிற்சிகள் கிடைத்தால் போதும்.

முதல் நாள்: பந்துக்கு முன் கொப்பி

ஒரு கொப்பியில் பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள். எந்தத் தோட்டம் அல்லது தெரு, எந்த பஸ், அணியில் யாரை ஏற்கெனவே தெரியும். முதலிரண்டையும் அவர்களிடமே கேட்டுவிடலாம். மூன்றாவதைக் கேட்க வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்க யார் யாரோடு போகிறார்கள் என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

பஸ் விவரம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு வருடம் நான் பயிற்சி முடிந்த பிறகுதான் அணிக் கூட்டம் வைத்தேன். தூரத்துப் பிள்ளைகள் நாலு பேர் பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் முன்பே கிளம்பிவிடுவார்கள். மூன்று வாரத்தில் கூட்டத்துக்கு இருந்தவர்கள் ஒரு கூட்டாளிக் கூட்டம், போனவர்கள் இன்னொன்று என்று ஆகிவிட்டது. அதைச் செய்தது என்னுடைய நேர அட்டவணைதான். இப்போது பேச வேண்டியதையெல்லாம் பயிற்சியின் முதல் ஏழு நிமிடத்தில் பேசிவிடுகிறோம். கடைசியில் பந்து பொறுக்கும் வேலை மட்டும்தான்.

அதே நாளில், எதையும் சொல்லிக்கொடுக்காமல், ஆறுக்கு ஆறு ஒரு செட் ஆடவிடுங்கள். 25 புள்ளி வரை போகட்டும். ஆட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

புள்ளியும் பெருக்கலும்

கொப்பியில் ஒரு பக்கத்து மைதானத்தை வரையுங்கள். ஒன்பது மீற்றருக்கு ஒன்பது மீற்றர், ஒரு சதுரம் போட்டால் சரி. யாரும் தொடாமல் விழுந்த பந்து விழுந்த இடத்தில் ஒரு புள்ளி. யாரோ தொட்டு, ஆனால் எங்கோ பறந்து போன பந்துக்கு ஒரு பெருக்கல் குறி. எதிரணி நன்றாக அடித்து யாருக்கும் எட்டாமல் போனதை விட்டுவிடலாம்.

பெருக்கல் குறி கையின் குறை. முழங்கை மடிந்திருக்கும், கால் நேராக நின்றிருக்கும், அது பயிற்சியில் மெல்ல மெல்லத் திருந்தும். புள்ளி வாயின் குறை. அங்கே போய்ச்சேர ஆள் இருந்தது, யாருடைய பந்து என்பதுதான் தெரியவில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் “பிள்ளைகளுக்கு ரிசீவ் வரவில்லை” என்று சொல்லிவிட்டுச் சுவரில் நூறு பந்து அடிக்கவிட்டால் பெருக்கல் குறையும், புள்ளி அப்படியே இருக்கும்.

இந்தக் குறிப்பை இரண்டாம் நாளிலிருந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அணியாக ஆடும்போது பன்னிரண்டு பேரில் ஆறு பேர்தான் உள்ளே ஆட முடியும். மற்ற ஆறு பேரும் முதல் வாரத்திலேயே “நாங்கள் சும்மா வந்தவர்கள்” என்று நினைக்கத் தொடங்குவார்கள். கொப்பி கையில் இருந்தால் அவர்கள் சொல்வதை உள்ளே ஆடுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். குறிக்கிறவளுக்கும் ஆட்டம் புரிகிறது. அடுத்து உள்ளே வரும்போது எங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டே வருகிறாள்.

எங்கே நிற்பது

முதல் மாதத்துக்கு ஒரே அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள். இடங்களின் எண் உங்களுக்குத் தெரியும். பின்வரிசை வலது மூலை 1, அதற்கு முன்னால் வலையருகே 2, வலை நடுவில் 3, இடப்பக்கம் 4, அதற்குப் பின்னால் 5, பின்வரிசை நடுவில் 6. சேர்விஸை எடுக்க நிற்கும்போது 3ஆம் இடத்துப் பிள்ளை வலையருகே நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பாள். 4, 2 இருவரும் வலையிலிருந்து பின்வாங்க, 6 கொஞ்சம் முன்னே வர, மூவரும் ஒரு வரிசை. 5, 1 இருவரும் அவர்களுக்குப் பின்னால், இடைவெளிகளில். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து டபிள்யூ போலிருக்கும்.

தனி செட்டர் இப்போது வேண்டாம். சுற்றி வரும்போது யார் 3க்கு வருகிறாளோ அவள்தான் செட்டர். செட் மோசமாகத்தான் போகும், போகட்டும். ஆறு சுற்றிலும் ஒரே வடிவம் இருப்பதால், “இந்தப் பந்து யாருடையது” என்ற விதியை ஆளுக்கு ஆள் மாற்றாமல் இடத்துக்கு இடம் வைத்துக்கொள்ளலாம். எண்ணைச் சொன்னால் கடமை தெரிய வேண்டும், அங்கே நிற்பது யாராக இருந்தாலும் சரி.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். சுழற்சி என்பது ஒரு வட்டம். எத்தனை முறை சுற்றினாலும் வட்டத்தில் உங்களுக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கும் இருவர் மாற மாட்டார்கள். அதனால் சுழற்சி வரிசையை எழுதும்போது உயரத்தையும் அடியையும் மட்டும் பார்க்காதீர்கள். வாயே திறக்காத பிள்ளையை இரண்டு பேசும் பிள்ளைகளுக்கு நடுவே வையுங்கள். ஒரே பஸ்ஸில் வரும் இரண்டு சிநேகிதிகளை வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் வையுங்கள். அவர்களுக்குள் பேச்சு எப்படியும் நடக்கும், மற்றவர்களோடு பேசட்டும். வோர்ம்-அப் ஜோடியும் வட்டத்துப் பக்கத்து ஆளோடுதான். ஒரு நாள் வலப்பக்கத்து ஆள், மறுநாள் இடப்பக்கத்து ஆள்.

மூன்று சொற்கள்

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கத்தத் தெரியாமல் இல்லை. லயத்து வாசலில் நின்று கொண்டு எதிர்மலையில் விளையாடும் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் இவர்கள். அதே பிள்ளை மைதானத்தில் ஊமையாகி விடுகிறாள். ஏனென்றால் பக்கத்தில் நிற்பது அக்கா. அக்கா எடுக்கப்போகிற பந்தை “நான்!” என்று கத்திப் பறிப்பது மரியாதைக் குறைவு. அக்காவிடம் “விடு” என்று சொல்லவே முடியாது. “விடுங்க அக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையில்.

முன்பு ஒரு வருடம், மைதானத்துக்குள் எல்லோரும் எல்லோரையும் “நீ” என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சின்னவர்கள் இன்னும் அடங்கிப் போனார்கள். பெரியவள் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டு வீடுகளுக்கிடையே லயத்தில் பேச்சு வார்த்தை நின்றுபோய், ஒரு அம்மா கொழுந்து நிறுத்த கையோடு பாடசாலைக்கே வந்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது.

அதற்குப் பிறகு மரியாதையைத் தொடுவதில்லை. சொல்லைத்தான் மாற்றினோம். வினையே இல்லாத சொல்லில் நீ, நீங்க என்ற பேச்சு வராது. இப்போது நாங்கள் பயன்படுத்துவது மூன்றே சொற்கள்:

“நான்” என்றால் நான் எடுக்கிறேன்.
“பின்” என்றால் எனக்குப் பின்னால் நிற்பவர் எடுக்க வேண்டும்.
“அவுட்” என்றால் யாரும் தொட வேண்டாம், வெளியே போகிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குத் தடை. “அக்கா!” என்று கத்தினால் மூன்று அக்காமார் திரும்புவார்கள். தவிரவும், பந்து வரும்போது அடுத்தவர் பெயரைச் சொல்வது பெரும்பாலும் பொறுப்பைத் தள்ளிவிடும் வேலை.

யார் பேசுவது என்பதற்கும் விதி உண்டு. முன்னால் நிற்பவள் பேசுகிறாள். நெஞ்சுக்குக் கீழே வரும் பந்துக்கு “நான்”, அதற்கு மேலே வருவதற்கு “பின்”. பின்னால் நிற்பவள் தயாராக நிற்கிறாள், “பின்” கேட்டதும் போகிறாள். முன்னால் நிற்பவள் பின்பக்கமாக ஓரடிக்கு மேல் எடுத்து வைக்கக்கூடாது. பின்னால் நகர்ந்துகொண்டே எடுக்கும் பந்து எப்படியும் தலைக்கு மேலே போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் இருவரும் “நான்” என்றால், முன்னால் நிற்கும் மூவரில் 6க்கு, பின்னால் நிற்கும் இருவரில் 5க்கு. ஏன் 5, ஏன் 1 இல்லை என்று கேட்டால் பெரிய காரணமில்லை. ஏதோ ஒன்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“அவுட்” மட்டும் யாரும் சொல்லலாம். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

இரண்டாம் வாரம்: கைதட்டுக்கு முன்

எதிர்ப்பக்கத்திலிருந்து சேர்விஸ் போட ஒரு பிள்ளை, இல்லாவிட்டால் நீங்களே எறியுங்கள். ஐந்து பேர் எடுக்கும் அமைப்பில் நிற்கட்டும், 3இல் ஒருத்தி. வேண்டுமென்றே இடைவெளிகளுக்குள் போடுங்கள். பந்து வலைக்கு மேலே கடக்கும் அந்தக் கணத்தில் நீங்கள் ஒரு கைதட்டுத் தட்ட வேண்டும். சொல் அதற்கு முன் வந்திருக்க வேண்டும். கைதட்டுக்குப் பிறகு வந்த “நான்” கணக்கில் இல்லை, பந்தை நன்றாக எடுத்திருந்தாலும் சரி.

பத்துப் பந்து ஒரு சுற்று. பத்தில் எட்டுக்கு நேரத்தோடு சொல் வந்தால் சுழல்வது, இல்லாவிட்டால் அதே இடத்தில் இன்னொரு பத்து. முதல் நாளில் பத்தில் இரண்டோ மூன்றோதான் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், கோபப்படுவார்கள். அப்புறம் ஒரு மாற்றம் தெரியும். சொல் நேரத்தோடு வர வேண்டுமென்றால் பந்தை சேர்விஸ் போடுகிறவளின் கையிலிருந்தே பார்க்க வேண்டும். தலைகள் எல்லாம் தானாக அந்தப் பக்கம் திரும்பும். கால்களும் மெல்ல அசையத் தொடங்கும்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக வரும். ஒன்று, “நான்” சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பது. சொல் ஒரு சடங்காகிவிட்டதன் அடையாளம் அது. அப்படி நடந்தால் இடைவெளியை இன்னும் ஓரடி அகலமாக்குங்கள், நகராமல் எட்டாது. இரண்டாவது, எடுக்காத நாலு பேரும் சிலைபோல நிற்பது. ஒருத்தி “நான்” என்றதும் மற்றவர்கள் உடம்போடு அவள் பக்கம் திரும்ப வேண்டும். பந்து கோணலாகப் போனால் அடுத்த தொடுகையை எடுக்கப்போவது அவர்களில் ஒருத்திதான். மூன்று தொடுகையில் ஒன்றுதானே முடிந்திருக்கிறது.

மழை நாட்களுக்கு

மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எங்கள் பக்கம் வாரத்தில் ஒரு நாள் மைதானம் கிடைத்தாலே பெரிது. மழை விட்டாலும் மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கி எதிர்ப்பக்கத்து ஆள் தெரியாது. பயிற்சியை நிறுத்தவேண்டியதில்லை. ஒரு வகுப்பறையில் மேசைகளை ஓரமாக்கிவிட்டு, சோக்கட்டியால் நாலரை மீற்றர் சதுரம் போடுங்கள், ஒரு பக்கத்து மைதானத்தின் நீள அகலத்தில் பாதி. பழைய கடதாசியைக் கசக்கிக் கட்டிய உருண்டைதான் பந்து. எறிகிறவள் எறிய, பிடிக்கிறவள் கையால் பிடிக்கலாம். சொல் மட்டும் முன்பே வர வேண்டும்.

தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. அது நல்லதுதான். வயிற்றிலிருந்து வரும் சத்தத்துக்கும் தொண்டையிலிருந்து வரும் கீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லிப் புரியவைக்க முடியாமல் இருந்தேன். கூரை சொல்லிக்கொடுத்தது.

ஒரு ஜோடியின் கதை

இந்த வருடம் முதல் நாள் செட்டில் ஒரு பக்கத்துக் கட்டத்தில் பதினொரு புள்ளிகள். கொப்பியைப் பார்த்தபோது அவற்றில் ஏழு ஒரே இடத்தில், 6க்கும் 5க்கும் நடுவில். ஆனால் எல்லாச் சுற்றிலும் அங்கே விழவில்லை. ஒரு குறிப்பிட்ட சுற்றில், 6இல் தரம் 9 தங்கச்சி ஒருத்தியும் 5இல் தரம் 11 அக்கா ஒருத்தியும் நிற்கும்போதுதான். இருவரும் ஒரே லயம், ஒரே வரிசை, மூன்று வீடு தள்ளி. சின்னவளின் பாடக் கொப்பிகளைத் திருத்திக் கொடுப்பதே இந்த அக்காதான். சண்டையும் இல்லை, பகையும் இல்லை. பாசம் அதிகமாகிப்போன இடம்.

மூன்று சொல் விதியைக் கொண்டு வந்த பிறகு ஏழு, நாலானது. ஆனால் நாலில் நின்றுவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். “டீச்சர், தங்கச்சி பின் என்று சொல்வதற்கு முன்பே அக்கா போய்விடுகிறா. அதனால் தங்கச்சி சொல்வதே இல்லை” என்றாள். நான் சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை பெரியவளிடம். சின்னவளுக்கு உதவுகிறேன் என்று அவள் எல்லாப் பந்துக்கும் ஓடி வந்தாள். சில பந்துக்கு வந்து சேர்ந்தாள், சிலதுக்குப் பாதியில் நின்றாள். பாதியில் நின்றவைதான் அந்த நாலு.

இருவரையும் மட்டும் வைத்து இருபது நிமிடம் செய்தோம். பெரியவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். “பின்” கேட்டால்தான் கையை அவிழ்க்கலாம். சொல் வராவிட்டால் பந்து விழட்டும், யாரும் எதுவும் சொல்லக்கூடாது. முதல் ஆறு பந்தும் அப்படியே விழுந்தன. ஏழாவதுக்கு, பந்து சின்னவளின் தலைக்கு மேலே வரும்போது, “பின்!” என்று ஒரு சத்தம். பெரியவள் கையை அவிழ்த்து எடுத்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் ஐந்தைந்து நிமிடம் இதைச் செய்தோம். மூன்றாம் வாரக் கடைசியில் அந்த இடத்தில் ஒரு புள்ளிதான்.

நேரத்தோடு சொல் வராத எந்த ஜோடிக்கும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் எல்லோர் முன்னிலும் வேண்டாம், ஓரமாக. இல்லாவிட்டால் முதல் ஆறு பந்திலேயே ஒருத்தி அழுதுவிடுவாள்.

மூன்றாம் வாரம்: வாயாடியை நிறுத்துவது

இந்த வாரம் எதிர்ப்பிரச்சினை வரும். ஒருத்தி எல்லாருக்குமாகச் சேர்த்துக் கத்தத் தொடங்குவாள். பெரும்பாலும் அவள்தான் கெப்டன். மற்றவர்கள் நிம்மதியாக வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு செட்டில் பத்து சேர்விஸுக்கு அவளைப் பேசவிடாதீர்கள். அவள் ஆடலாம், பேச்சு கூடாது. கொப்பியில் புள்ளிகள் திடீரென்று கூடினால் அணி பேசவில்லை, அவள் ஒருத்திதான் பேசிக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். கூடாவிட்டால் கவலையில்லை.

ஒவ்வொரு பந்தும் முடிந்ததும் ஆறு பேரும் நடுவில் கூடிக் கை தொடும் பழக்கத்தையும் இப்போதே தொடங்கலாம். ஆனால் கூடும்போது போன பந்தைப் பேசக்கூடாது. நடுவர் சேர்விஸுக்கு விசில் அடித்ததிலிருந்து எட்டு விநாடிக்குள் எதிரணி சேர்விஸ் போட்டாக வேண்டும். நமக்கு இருப்பது கொஞ்ச நேரம்தான். அதில் “யார் 3இல்?” என்று கேட்டு, அந்தப் பிள்ளை கையைத் தூக்கினால் போதும்.

நான்காம் வாரம்: வெளி அணியோடு

பக்கத்துப் பாடசாலையோடு ஒரு நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்யுங்கள். வலயப் போட்டிக்கு முன் ஒன்றாவது வேண்டும். அங்கே முதல்முறையாக டைம்-அவுட் எடுப்பீர்கள். முப்பது விநாடிதான் என்பதால், அதற்கு முன் இரண்டு முறையாவது பயிற்சியில் ஒத்திகை பாருங்கள். முதல் பத்து விநாடி தண்ணீரும் மூச்சும், யாரும் பேசுவதில்லை. அடுத்த பத்தில் கொப்பி வைத்திருக்கும் பிள்ளை புள்ளி எங்கே விழுகிறது என்று சொல்கிறாள். கடைசிப் பத்து உங்களுக்கு, ஒரே ஒரு விஷயம். மூன்று விஷயம் சொன்னால் ஒன்றும் உள்ளே போகாது. நான் இன்னும் சில சமயம் மூன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நட்பு ஆட்டம் இரண்டு செட்டிலும் தோல்விதான். கொப்பியில் தொடாமல் விழுந்த பந்துக்கான புள்ளி முதல் செட்டுக்கு மூன்று, இரண்டாவதுக்கு இரண்டு. பெருக்கல் குறிகள் முதல் நாளில் இருந்த அளவுக்கு அப்படியே இருந்தன. பந்துக்குப் போகிறார்கள், எடுக்கத் தெரியவில்லை. இனிக் கை வேலையைத் தொடங்கலாம் என்பதற்கு எனக்கு வேண்டிய அடையாளம் அதுதான்.

அடுத்த மாதம் தனி செட்டர் வருவாள். அவள் பின்வரிசையிலிருந்து வலைக்கு ஓடும்போது டபிள்யூ வடிவம் குலையும், எண்ணுக்கு எழுதிய விதி சில சுற்றுகளில் பொருந்தாது. புள்ளிகள் மறுபடியும் கூடும். அதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கொப்பியில் ஒரு புதுப் பக்கமும் கோடு போட்டுத் தயாராக இருக்கிறது.